வரலாற்றுப் பாடக் குறிப்பிலிருந்து ஓர் ஒப்பீட்டுத் தாள்: தொண்டை நாட்டு எல்லைக் கோயில்களின் காலத்தைப் பார்த்து அறிய

கட்டடக்கலை வரலாற்றுப் பாடம் எந்த வகுப்பில் நடந்தாலும் பெரும்பாலும் அரச மரபு வாரியாகவே நடக்கிறது. முதல் வாரம் பல்லவர், அடுத்து சோழர், அதற்கடுத்து விஜயநகரம் என்று போகும். ஒவ்வொரு மரபிலும் யார் கட்டினார், எந்தப் போருக்குப் பின் கட்டினார், எந்தக் கோயில் பெரியது என்று கதை வளரும். வகுப்பில் உட்கார்ந்து கேட்க இது சுகமான முறைதான். ஆனால் திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகக் காளத்தி போகும் சாலையில் ஏதாவது ஒரு சிறிய கோயிலின் முன் நிற்கும்போது நம் கண்ணுக்கு அரச மரபு தெரிவதில்லை. ஒரு தூண் தெரிகிறது, அதன் மேல் உத்தரத்தைத் தாங்கும் ஒரு போதிகை தெரிகிறது, கூரை விளிம்பில் குதிரை லாடம் போன்ற ஒரு கூடு தெரிகிறது. கையில் இருக்கும் குறிப்பேடோ ஆளும் ஆண்டும் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தயாரிக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் பகுதி சிறியது. பழைய தொண்டை நாட்டின் வடக்கு விளிம்பு அது. இன்றைய அரக்கோணம், திருத்தணி, நகரி, காளத்தி வட்டாரம். இங்கே மாநில எல்லை இரண்டாகப் பிரித்தாலும் கல்லில் இருக்கும் மரபு ஒன்றுதான். எல்லைக்கு அப்பாலும் பழைய கல்வெட்டுகள் நிறையத் தமிழிலேயே இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் தென்னிந்தியா முழுவதற்கும் ஒரே தாள் போட முயல வேண்டாம். ஒரு நாள் பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒரு தாள் போட்டால், எழுதியதை நேரில் சரிபார்க்க முடியும்.

முதல் வேலை: குறிப்பேட்டைப் பென்சிலோடு மறுபடி படிப்பது

குறிப்பேட்டின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைக் கோயிலில் நின்று கண்ணால் பார்க்க முடியுமா? முடியும் என்றால் அடிக்கோடிடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். என் குறிப்பேட்டில் இருந்த ஒரு பத்தியை உதாரணமாகச் சொல்கிறேன். “இராஜராஜன் காலத்தில் சோழர் கலை உச்சத்தை அடைந்தது, தஞ்சைக் கோயில் 1010இல் நிறைவுற்றது, விமானம் 60 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது, போதிகைகள் கோணமாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முளை துருத்தி நிற்கும்.” இந்த நான்கில் முதலாவது பாராட்டு. இரண்டாவது ஒரு கோயிலின் ஆண்டு. மூன்றாவது கண்ணுக்குத் தெரியும்; ஆனால் தஞ்சைக்கு மட்டுமே உரியது; நம் வட்டாரத்துச் சிறு கோயிலில் அந்த உயரத்தைத் தேடிப் பயனில்லை. நான்காவது ஒன்றுதான் தாளுக்குப் போகும். பத்துப் பக்கம் படித்தால் இப்படி ஆறேழு வாக்கியம் தேறும். குறைவாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். தாள் அந்த ஆறேழு வாக்கியங்களால்தான் ஆகிறது.

“நுணுக்கமான”, “கம்பீரமான”, “எளிமையான” என்று தொடங்கும் வாக்கியங்களை இரக்கமில்லாமல் கழிக்க வேண்டும். எளிமை என்பது அடையாளம் அல்ல. பணம் போதாமல் பாதியில் விட்ட 16ஆம் நூற்றாண்டு மண்டபமும் எளிமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது: எந்த உறுப்புகளை வரிசைகளாக எடுப்பது

தாளின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக உறுப்புகளின் பெயர்கள் வர வேண்டும். மேல் விளிம்பில் காலங்கள் வர வேண்டும். மாணவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்து, காலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் அந்தக் காலத்தின் இயல்புகளை எல்லாம் அடுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் அது குறிப்பேட்டின் சுருக்கமாகத்தான் அமையும். கோயிலில் நாம் ஓர் உறுப்பைப் பார்த்துவிட்டு அது எந்தக் காலத்தது என்று தேடுகிறோம். ஆகவே கண் ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக ஓடும்படி இருக்க வேண்டும்.

எந்த உறுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. மாற்றுவதற்குக் கடினமான உறுப்புகளையே முதலில் எடுங்கள். திருப்பணி நடந்துகொண்டிருந்த ஒரு கோயிலில் வயதான சிற்பி ஒருவரிடம், “ஐயா, இந்தத் தூணுக்குப் போதிகை மட்டும் புதுசாப் போட முடியுமா?” என்று கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைக் காட்டினார். “போதிகை மேலதான் உத்தரம் உக்காந்திருக்கு. உத்தரத்து மேல கூரைக்கல்லு. இத மாத்தணும்னா மொத்தத்தையும் எறக்கணும் சார். அதுக்கு மண்டபத்தையே பிரிச்சிக் கட்டிரலாம்” என்றார். ஒப்பீட்டுத் தாளுக்கு அதைவிட நல்ல விதியை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. சுமை தாங்கும் கல் அந்தக் கட்டடம் எழுந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கும். சுதை உருவம், வண்ணம், தரைக்கல், கதவு, உற்சவ மண்டபத்துக் கம்பி ஆகியவை ஒவ்வொரு குடமுழுக்குக்கும் மாறும்.

இந்த விதிப்படி என் தாளில் ஐந்து வரிசைகள்தான் இருக்கின்றன: போதிகை, போதிகைக்குக் கீழே தூணின் தலைப்பகுதி, கபோதம் என்னும் வளைந்த கூரை விளிம்பில் இருக்கும் கூடு, கோஷ்டம் என்னும் சுவர் மாடங்களுக்கு இடைப்பட்ட சுவர்ப்பகுதி, வாயிற்காவலர். விமானத்தின் மேல்தளங்களை நான் சேர்க்கவில்லை. இந்த வட்டாரத்தில் பல கோயில்களில் மேல்தளம் செங்கல்லும் சுதையுமாக இருக்கிறது. பலமுறை புதுப்பிக்கப்பட்டதாகவும் இருக்கிறது. கோபுரத்தையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டேன்.

மூன்றாவது: காலத்தின் தலைப்புகளை எப்படி வெட்டுவது

பாடத்தில் “பல்லவர்”, “சோழர்” என்று இருப்பதை அப்படியே தலைப்பாக எழுதினால் திருத்தணியிலேயே தாள் தடுமாறும். திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலைப் பாருங்கள். பின்புறம் வளைந்த, யானையின் முதுகு போன்ற தூங்கானை மாட வடிவில் கருங்கல்லால் கட்டப்பட்டது. அபராஜிதவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது என்று கல்வெட்டு சொல்கிறது. அரசன் பல்லவன். ஆனால் அதே ஆண்டுகளில் தெற்கே ஆதித்த சோழன் கோயில்கள் எழுப்பிக்கொண்டிருந்தான். பிறகு அபராஜிதனை வென்று தொண்டை நாட்டையும் பிடித்தான். கல் தச்சர்கள் அரசன் மாறியதும் உளியை மாற்றிக்கொள்ளவில்லை. பல்லவனுக்கு வேலை செய்த கைகளும் அவர்களுடைய பிள்ளைகளின் கைகளும்தான் ஆதித்தனுக்கும் பராந்தகனுக்கும் வேலை செய்திருக்கும். ஆகவே பிற்பல்லவரையும் முற்சோழரையும் இரண்டு பத்தியாகப் பிரித்தால், இரண்டிலும் ஒரே குறிப்பை எழுத நேரிடும், அல்லது இல்லாத வேறுபாட்டை நாமே கற்பிக்க நேரிடும்.

எனவே தலைப்பில் ஆண்டு எல்லையைப் பெரிதாகவும் அரச மரபைச் சிறிதாகவும் எழுதுங்கள். என் தாளில் இப்படி இருக்கிறது: 600 முதல் 670 வரை, குடைவரைகள், 670 முதல் 850 வரை, பல்லவர் ஒற்றைக் கல் கோயில்களும் கட்டுமானமும், 850 முதல் 985 வரை, மாறுகாலம், 985 முதல் 1070 வரை, இராஜராஜனும் அவன் மகனும் பேரன்களும், 1070 முதல் 1350 வரை, பிற்சோழரும் அவர்களுக்குப் பின் இங்கே ஆண்ட சிற்றரசர்களும், 1350 முதல் 1650 வரை, விஜயநகரம். இவை என் வசதிக்கு நான் போட்ட கோடுகள். எல்லைக் கோட்டைப் பேனாவால் அழுத்தமாகப் போடாமல் புள்ளிக்கோடாகப் போடுவது நல்லது. சிற்றூர்க் கோயில்களில் பழைய பாணி ஒரு தலைமுறை தாமதமாகவும் நீடிக்கும்.

ஒவ்வொரு தலைப்பின் கீழும், காலம் ஐயமின்றித் தெரிந்த ஒரு கோயிலின் பெயரை எழுத வேண்டும். அதை நான் நங்கூரக் கோயில் என்று சொல்வேன். முதல் தலைப்புக்கு மகேந்திரவாடி. அது சோளிங்கர் பக்கத்தில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்கு அகழ்ந்ததாக அவனுடைய கல்வெட்டே சொல்கிறது. இரண்டாவதற்கு எங்கள் பக்கத்தில் இல்லாததால் காஞ்சிக் கைலாசநாதர் கோயில். மூன்றாவதற்குத் திருத்தணி வீரட்டானேசுவரர். நான்காவதற்கு மேல்பாடி, அங்கே இராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயிலாக எடுத்த சோழேச்சரம் இருக்கிறது. ஐந்தாவதற்குச் சற்றுத் தொலைவானாலும் தாராசுரம். கடைசித் தலைப்புக்குக் காளத்தியின் நூற்றுக்கால் மண்டபம், கிருஷ்ணதேவராயர் 1516இல் செய்த பணி. நங்கூரக் கோயிலில் நேரில் பார்க்காத எதையும் கட்டத்தில் உறுதியாக எழுதாதீர்கள்; பாடத்தில் மட்டும் கேட்டது என்றால் பென்சிலில் எழுதி வைத்து, பார்த்த பிறகு மையால் எழுதுங்கள்.

நான்காவது: ஒரு வரிசையை முழுதாக நிரப்புவது

எல்லா வரிசைகளையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். போதிகை வரிசையை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். அது ஒன்று சரியாக அமைந்தாலே பாதிக் கோயில்களை ஏறக்குறைய சரியான நூற்றாண்டில் வைத்துவிடலாம். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைத்தான் செய்தார்: போதிகை, கூடு போன்ற உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவை நூற்றாண்டுதோறும் எப்படி மாறின என்று தொடர்ந்து போனார். இன்றும் களத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்த வழி பயன்படுகிறது.

போதிகை என்பது தூணின் உச்சியில் இருபுறமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்கும் கல். அந்தக் கையின் நுனி எப்படி முடிகிறது என்பதையே பார்க்க வேண்டும். பல்லவர் காலத்தில் அந்தக் கை வளைந்து மேலேறும். வளைவின் மேல் அலை அலையாகக் குறுக்கு உருளைகள் செதுக்கப்பட்டிருக்கும். இதைத் தரங்கம் என்பார்கள். அந்த அலைகளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடும். மகேந்திரன் காலத்துக் குடைவரைகள் சிலவற்றில் தரங்கம் இல்லாத வெறும் வளைவும் கோணமும் உண்டு. இதைக் கட்டத்தில் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்கு உதவும்.

மாறுகாலத்தில் தரங்கம் தொடர்ந்து வருகிறது. கூடவே கை சாய்வாக வெட்டப்பட்ட கோண வடிவமும் வருகிறது. இராஜராஜன் காலத்துக்கு வரும்போது கோணம் பெரும்பான்மையாகிறது. அந்தக் கோணத்தின் நடுவில் முளை ஒன்று முன்னே துருத்தி நிற்கிறது. இந்த முளைதான் சோழர் அடையாளம். கோணத்தை மட்டும் பார்த்துச் சோழர் என்று எழுதினால், மேலே சொன்ன மகேந்திரன் குடைவரையும் சோழர் கணக்கில் விழும். ஆகவே என் தாளில் “கோணம்” என்று எழுதவில்லை. “கோணம், நடுவில் முளை” என்று எழுதி, அருகில் முளையின் பக்கவாட்டு உருவத்தை வரைந்திருக்கிறேன்.

பிற்சோழர் காலத்தில் அந்த முளை சும்மா இருக்கவில்லை. நீண்டு, நுனி வளைந்து, கீழ்நோக்கி இறங்கத் தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டை ஒட்டி அது ஒரு மொட்டின் முன்வடிவம் போலத் தோன்றும். விஜயநகரக் காலத்தில் அது முழுமையான தாமரை மொட்டாகித் தலைகீழாகத் தொங்குகிறது. தனித்து நிற்கும் தூணாக இருந்தால் நான்கு புறமும் மொட்டு தொங்கும். வாழைப்பூவைப் போல இருப்பதால் எங்கள் பக்கத்தில் பலர் வாழைப்பூ போதிகை என்றே சொல்வார்கள்; புஷ்பப் போதிகை என்பது நூல்களில் வரும் பெயர். அலை, முளை, வளைந்த முளை, தொங்கும் மொட்டு என்ற இந்த நான்கு சொல் மனத்தில் இருந்தால் போதிகை வரிசை கையில் இருப்பது போலத்தான்.

மற்ற வரிசைகளை இவ்வளவு விரிக்கத் தேவையில்லை. கபோதத்தில் குதிரை லாடம் போல வளைந்திருக்கும் கூட்டின் உச்சியைப் பாருங்கள். பல்லவர் கூட்டின் தலையில் மண்வெட்டியின் இலை போலத் தட்டையான ஒரு முடிவு இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். சோழர் கூட்டின் தலையில் சிங்க முகம் வந்துவிடும். விஜயநகரக் கூடு தட்டையாகி, கபோதத்தோடு ஒட்டிய வெறும் அலங்காரமாகச் சுருங்கிவிடும். தூணின் தலைப்பகுதியில் பலகைக்குக் கீழே இருக்கும் இதழ்ப் பகுதியையும், தூணின் சதுரம் முடியும் மூலையில் இருக்கும் நாகபந்தத்தையும் கவனித்தால் போதும். முற்சோழர் தூணில் இதழ் வெறும் குவளை வளைவாக இருக்கும். பின்னால் வரவர இதழ்கள் தனித்தனியாகச் செதுக்கப்படும். படம் எடுத்த பாம்பு போல நாகபந்தம் தெளிவாக நிமிர்ந்து நின்றால் அது பிற்காலம். சுவர்ப்பகுதியில் ஒரு குடத்திலிருந்து சிறு தூண் எழுந்து மேலே சிறிய கோயில் வடிவத்தைத் தாங்கினால் அது கும்ப பஞ்சரம். அதைப் பிற்சோழருக்கு முன் இந்த நாட்டில் தேட வேண்டாம். வாயிற்காவலருக்குப் பல்லவர் காலத்தில் இரண்டு கைகள். சோழர் காலத்தில் நான்கு கைகளும் கோரைப் பற்களும் எச்சரிக்கும் விரலும் சேர்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால் தாள் இருந்தும் தவறாகப் படிப்போம். ஓர் இயல்பு தொடங்கும் காலமும் முடியும் காலமும் சமமான சான்றுகள் அல்ல. தொங்கும் மொட்டைப் பார்த்தால் “இது 14ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது அல்ல” என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லாத ஒன்றை முன்கூட்டி யாரும் செதுக்க முடியாது. ஆனால் முளை போதிகையைப் பார்த்து “இது 1070க்குப் பிந்தியது அல்ல” என்று சொல்ல முடியாது. பழைய வடிவத்தைப் பின்னால் வந்தவர் எத்தனை காலம் வேண்டுமானாலும் திரும்பச் செதுக்கலாம். ஆகவே என் தாளில் ஒவ்வோர் இயல்பும் முதன்முதல் தோன்றும் கட்டத்தை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். ஒரே பகுதியில் பல இயல்புகள் இருந்தால், மிகவும் பிந்தித் தோன்றும் இயல்பே அந்தப் பகுதியின் காலத்தைத் தீர்மானிக்கும்.

ஐந்தாவது: தாளின் உருவம்

ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் ஐந்து வரிசையும் ஆறு பத்தியும் வசதியாக அடங்கும். கட்டம் ஒன்று ஏறக்குறைய நான்கு செ.மீ. அகலம் வரும், அதில் ஒரு சிறு கோட்டோவியமும் அதிகபட்சம் ஆறு சொல்லும் எழுதலாம். கணினியில் எக்செல் கோப்பாகச் செய்தாலும் ஓவியத்துக்கான இடத்தை விட்டு அச்செடுத்துக் கையால் வரையுங்கள். அலைபேசியில் எடுத்த படத்தை ஒட்டினால் நிழலும் எண்ணெய்க் கறையும் சேர்ந்து, வேண்டிய கோடு மறைந்துவிடுகிறது. வரையத் தெரியாது என்று சொல்கிறவர்களுக்கும் போதிகையின் பக்கவாட்டு விளிம்பு ஒரே கோடுதான். ஆறேழு முறை வரைந்தால் கைக்கு வந்துவிடும். அப்படி வரையும்போதே முளைக்கும் மொட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் பதிந்துவிடுகிறது.

ஆறாவது: ஒரு கோயிலில் சோதித்துப் பார்ப்பது

நகரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், காலம் எனக்கு முன்பே தெரியாத ஒரு சிவன் கோயிலுக்கு இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். கோயிலை ஒன்றாகப் பார்க்காமல் முதலில் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கருவறையும் அர்த்தமண்டபமும் ஒரு பகுதி. முன் மண்டபம் ஒரு பகுதி. வாசல் ஒரு பகுதி. இவை ஒட்டியிருக்கும் இடத்தில் சுவரைப் பாருங்கள். அர்த்தமண்டபத்தின் அடித்தளமாகிய அதிட்டானத்தின் வரிகள் முன் மண்டபச் சுவருக்குள் புகுந்து பாதியில் மறைந்தால் மண்டபம் பின்னால் வந்து ஒட்டியது என்று பொருள். அந்தக் கோயிலில் குமுதம் என்னும் உருண்டை வரி அப்படித்தான் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. தாளைத் திறக்கும் முன்னரே இரண்டு காலம் என்று தெரிந்துவிட்டது.

கருவறைச் சுவரின் அரைத்தூண்களில் போதிகை கோணமாகவும் நடுவில் முளையோடும் இருந்தது. முளை நேராக இருந்தது, வளையவில்லை. கூட்டின் உச்சியில் சிங்க முகம் இருந்தது. கோஷ்டங்களுக்கு நடுவே கும்ப பஞ்சரம் இல்லை. இருப்பவற்றில் பிந்தித் தோன்றுவது முளை. ஆகவே 985க்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கும்ப பஞ்சரம் இல்லாததை நான் துணைச் சான்றாகவே எடுத்துக்கொண்டேன். சிறிய கோயிலில் இடமில்லாமலும் விட்டிருக்கலாம். “11ஆம் நூற்றாண்டு, 12ஆக இருக்கவும் கூடும்” என்று எழுதினேன். முன் மண்டபத்தில் பன்னிரண்டு தூண். எல்லாவற்றிலும் தொங்கும் மொட்டு. சதுரத்தின் மூலைகளில் நிமிர்ந்த நாகபந்தம். “1350க்குப் பின், பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டு” என்று எழுதினேன். வாசலில் இருந்த சிறிய கோபுரம் சிமென்ட். அதைத் தாளில் சேர்க்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் வடக்கு அதிட்டானத்தில் இருந்த கல்வெட்டைப் பார்த்தேன். முழுதாகப் படிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுத்து சோழர் காலத் தமிழ் எழுத்து என்பது தெளிவாகத் தெரிந்தது. எழுத்தையும் உறுப்பையும் தனித்தனியாகப் படித்து, இரண்டும் ஒத்துப்போவதைப் பார்க்க வேண்டும். கல்வெட்டை முதலில் பார்த்துவிட்டால் கண் அதற்கேற்றபடிதான் போதிகையைப் பார்க்கும்.

எங்கே தவறு நேரும்

முதல் தவறு வெளிச்சத்தால் வருவது. மண்டபத்துக்குள் போதிகை இருட்டில் இருக்கும். அதன் மேல் பல அடுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறியிருக்கும். தரங்கத்தின் அலைகள் சுண்ணாம்பில் நிரம்பி வழவழப்பான வளைவாகத் தோன்றும். டார்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டினாற்போல் அடித்தால் அலைகளின் நிழல் எழுந்து வரும். நான் ஒருமுறை நேராக வெளிச்சம் அடித்துவிட்டு “வெறும் வளைவு” என்று எழுதி, ஒரு மாறுகாலக் கோயிலை இருநூறு ஆண்டு முன்னே தள்ளிவிட்டேன். அடுத்த முறை போனபோது மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஐந்து அலைகளும் நடுப்பட்டையும் தானாகவே தெரிந்தன. உள்ளே விளக்கு அடிப்பதற்கும் படம் எடுப்பதற்கும் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் படம் எடுக்க விடமாட்டார்கள். ஓவியம் வரைய யாரும் தடுத்ததில்லை.

இரண்டாவது தவறு, செதுக்கி முடிக்காத கல். போதிகைக்காகக் கல்லைக் கோணமாக வெட்டிப் பொருத்திய பிறகுதான் மேலே ஏறி நுண்வேலை செய்வது வழக்கம். ஆகவே பணி நின்றுபோன கோயில்களில் வெறும் கோணக் கட்டையாகவே சில போதிகைகள் நிற்கும். ஒரு தூணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மண்டபத்தில் எல்லாத் தூண்களையும் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒன்றில் வேலை முடிந்திருக்கும். அந்த ஒன்றுதான் காலத்தைச் சொல்லும்.

மூன்றாவது, ஒரு கோயிலில் இருக்கும் மிகப் பழைய பொருளின் காலத்தைக் கோயிலின் காலமாக எடுத்துக்கொள்வது. குடிமல்லத்தில் இருக்கும் இலிங்கம் பொது ஆண்டுக்கு முந்தியது என்றே ஆய்வாளர் பலரும் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சுற்றி இன்று நிற்கும் தூங்கானை மாடக் கற்கோயில் பல நூற்றாண்டு பின்னால் எழுந்தது. தாள் கட்டடத்தைத்தான் படிக்கும். உள்ளே இருக்கும் மூர்த்தியைப் படிக்காது. தூங்கானை மாடம் என்ற வடிவமே காலத்தைச் சொல்லாது என்பதையும் குடிமல்லமும் திருத்தணியும் சேர்ந்து காட்டுகின்றன. இந்த வட்டாரத்தில் அது நீண்ட காலம் விரும்பப்பட்ட வடிவம்.

நான்காவது, தாளால் கண்டுபிடிக்கவே முடியாத தவறு. காளத்தியில் கிருஷ்ணதேவராயர் கட்டிய பெரிய கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அந்த இடத்தில் பழைய மரபையே பின்பற்றிப் புதிய கோபுரம் எழுந்துவிட்டது. இன்னும் நூறு ஆண்டு கழித்து மழையிலும் புகையிலும் கருத்த பிறகு, வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் அதை 1516 என்றே எழுதக்கூடும். இப்படிப்பட்ட இடங்களில் வடிவத்தை விட்டுக் கல்லின் முகத்தைப் பார்க்க வேண்டும். இயந்திர வாளால் அறுத்த கல்லில் சமமான இணைகோடுகள் இருக்கும். உளியால் கொத்திய பழைய கல்லில் புள்ளி புள்ளியாக, ஒழுங்கில்லாத குழிகள் இருக்கும். இணைப்பில் சிமென்ட் வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்காக என் தாளின் அடியில், ஐந்து வரிசைகளுக்கும் கீழே, காலத் தலைப்பு எதுவும் இல்லாமல் ஒரு பட்டை விட்டிருக்கிறேன்: “கல்லின் முகம்: உளியா, வாளா? இணைப்பு: உலர்ந்ததா, சிமென்டா?” கோயிலுக்குள் போனதும் போதிகையைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பட்டையைத்தான் நிரப்புகிறேன்.